எந்த வகையிலும் இல்லாத பெயர்

தோல் உப்பு என்று தேர்ந்தெடுத்தாள். குறைந்த விலை வந்தது: டன் ஆயிரத்து அறுநூற்றைம்பது. பக்கத்துக் கட்டத்தில் பெயர் வந்தது: தமிழ்வேந்தன் பாத்தி.

ரேணுகா கையை மவுசிலிருந்து எடுத்துவிட்டாள். சுட்டுவிட்டது போல எடுத்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் சத்தம் மட்டும் எங்கேயோ போய்விட்டது. தமிழ்வேந்தன் அவள் புருஷன். கார்த்திகைப் புயலன்று சாயங்காலம், கடைசி உப்புக் குவியலுக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டு வருகிறேன் என்று பாத்திக்குப் போனவன். சித்திரை பிறந்து வாரங்கள் ஆகிவிட்டன. ஆளும் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. இப்போது கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்திருக்கிறான், உப்பு விற்க.

மரக்காணத்தில் வெங்கடாசலம் முதலாளியின் உப்பு ஏஜென்சியில் அவளுக்கு வேலை. உப்பளத்துக்காரர்கள் காலையில் போன் போட்டு அன்றைய விலையைச் சொல்வார்கள். அவள் அந்தப் பட்டியலில் ஏற்றுவாள். ஒரு வரிசையில் பெயர், அடுத்ததில் வகை, அடுத்ததில் விலை, அவ்வளவுதான். மேலே தனியாக மூன்று கட்டம். முதல் கட்டத்தில் சாப்பாட்டு உப்பா, ஐஸ் உப்பா, தோல் உப்பா என்று வகையைத் தேர்ந்தெடுத்தால், அந்த வகையில் அன்றைக்கு இருக்கிற குறைந்த விலை அடுத்த கட்டத்தில் வரும். அந்த விலைக்கு யார் பாத்தி உப்பு என்பது மூன்றாவதில் வரும். முதலாளி மகள் பிரியதர்ஷினி புதுச்சேரி காலேஜில் படிக்கிறவள், ஒரு லீவில் வந்து இதைப் போட்டுக் கொடுத்தாள். லாரி டிரைவர்கள் போனிலும் அதே பட்டியல் திறக்கும். அவர்களே வகையைத் தட்டி, பெயரைப் பார்த்து, வண்டியை நேரே அந்தப் பாத்திக்கு விடுவார்கள். யாரையும் கேட்கிற வழக்கமில்லை.

பெயர் என்று சொன்னேன் இல்லையா, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்து அளங்களில் உப்புக்குக் கம்பெனிப் பெயரெல்லாம் கிடையாது. பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவன் பெயர்தான் உப்பின் பெயர். அவன் பெயரைத்தான் வரப்புத் தலைப்பில் ஒரு கல்லில் பெயின்டால் எழுதி நட்டிருப்பார்கள். அவன் போய்விட்டால் கூட, அந்தப் பாத்தியில் வேறொருவன் இறங்கிப் புது உப்பு வாரும் வரைக்கும் பழைய பெயரை அழிக்க மாட்டார்கள். ஆளில்லாத பாத்தி பெயரில்லாமலும் கிடந்தால் அது யாரையாவது கூப்பிடும் என்பார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்களும் கல்லை அழித்ததாக நான் கேள்விப்படவில்லை.

அதனால்தான் பட்டியலில் தமிழ்வேந்தன் பெயர் முதல் வரியில் அப்படியே இருந்தது. பட்டியல் போட்டபோது முதலில் சேர்ந்தவன் அவன். பொண்டாட்டி வேலை பார்க்கிற இடம் என்று வீம்புக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான். ஐஸ் உப்பு, ஆயிரத்து அறுநூற்றைம்பது. புயலுக்குப் பிறகு பாதி அளம் தண்ணீரில் போய், விலை மூவாயிரத்துக்கு மேலே எகிறியது. பழைய விலையோடு கிடந்த அவன் வரிதான் ஐஸ் உப்பில் குறைந்த விலை என்று தினமும் வந்து நின்றது. ஐஸில் கலக்க இந்த உப்பை வாங்கும் மீன் ஏலக்கூடத்து ஆட்கள் போன் போட்டுப் போட்டுக் கேட்டார்கள்.

"எம்மா ரேணுகா, அந்த வரிய தூக்கிடேன்," என்றார் வெங்கடாசலம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் தூக்கவில்லை. விலையையும் தொடவில்லை, பெயரையும் தொடவில்லை. வகை என்ற கட்டத்தில் மட்டும் ஐஸ் உப்பு என்பதை அழித்துவிட்டு 'இல்லை' என்று போட்டாள். அன்றோடு அவன் எந்த வகையைத் தட்டினாலும் வரவில்லை. அப்படிப் போட்ட அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதவனை 'இல்லை' என்று தன் கையாலேயே எழுதிவிட்டோமே என்று இருந்தது.

அப்படிப்பட்டவன் இன்றைக்குத் தோல் உப்பில் வந்து நிற்கிறான். தோல் உப்பு அவன் ஒருநாளும் வாரினதில்லை. தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் போகிற அழுக்கு உப்பைக் கையால் தொடமாட்டேன் என்று கர்வம் பேசுவான்.

"இன்னாய்யா?" என்றாள் ரேணுகா திரையைப் பார்த்து, மெதுவாக. "இன்னா வேணும்?"

மறுநாள் காலையில் விலை கொஞ்சம் மாறியது, பெயரும் போய்விட்டது. வழக்கமாகத் தோல் உப்பு வாரும் சித்தார்த்தனின் பாத்தி என்று வந்தது. ரேணுகாவுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இன்னும் ஒருநாள் இருந்துவிட்டுப் போயிருக்கலாமே என்றுதான் இருந்தது.

அந்த வீட்டு நிலவரம் தெரிந்தால்தான் இது புரியும். தமிழ்வேந்தனின் அக்கா அம்சவல்லி அதே வீட்டில் பாதியில் இருந்தாள். நல்லவள்தான், ஆனால் வாய் இருக்கிறதே, அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. தம்பி செத்துவிட்டான் என்று நம்ப அவளுக்கு மனசு வரவில்லை. அதனால் ஓடிவிட்டான் என்று நம்பினாள். ஓடிவிட்டான் என்று நம்பினால் யாரால் ஓடினான் என்று ஒரு ஆளைக் காட்ட வேண்டும் அல்லவா? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், ரேணுகாதான்.

"செத்தவன் பைக் எங்கடி போச்சு? உடம்ப தண்ணி இழுத்துனு போவும், பைக்கையுமா இழுத்துனு போவும்? ஆரோவில் வேலைக்குப் போற பொண்ணு ஒருத்தியோட அவன திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல பாத்தவங்க இருக்காங்க. பொண்டாட்டி ஒழுங்கா இருந்தா ஆம்பள ஏன் போறான்?" இதைத் தண்ணீர்க் குழாயடியில் நின்று சொல்வாள், நாலு பேர் காதில் விழட்டும் என்று.

ரேணுகாவும் சளைத்தவள் இல்லை. "எங்க வூட்டுக்காரு ஓடிப்போற ஆளு இல்ல. பாத்தியில போய் செத்தாலும் சாவாரே தவிர, என்ன வுட்டுட்டு ஓடமாட்டாரு," என்று அதே குழாயடியில் குரலை உயர்த்திச் சொல்வாள். ஊரில் பாதிப் பேர் இவளை நம்பினார்கள், பாதிப் பேர் அவளை. ரேணுகா கழுத்தில் தாலி கிடந்தது, கல்யாணத்துக்குக் கூப்பிட யாரும் வரவில்லை. துக்கம் கேட்கவும் யாரும் வரவில்லை, சாவு எங்கே நடந்தது? கீழ்புத்துப்பட்டு கோயிலில் போய்க் குறி கேட்டாள். சாமியாடி அவள் தலையில் விபூதியைப் போட்டு, "தெக்கால இருக்கான், வருவான்," என்றார். தெற்கே கடலூரும் இருக்கிறது, ராமேஸ்வரமும் இருக்கிறது. இலங்கையும் இருக்கிறது.

இரண்டாவது தடவை அவன் வந்தபோது அவள் பார்க்கவில்லை, தோல் ஷாப்பு ஆள் போனில் சொன்னார். "தமிழ்வேந்தன் பாத்தின்னு வருதேம்மா, புதுசா இருக்குது. சரக்கு எப்பிடி?"

"அது... அது தப்பா வந்துச்சுங்க. சித்தார்த்தன் பாத்திதான். அதே விலைதான்," என்றாள். போனை வைத்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தாள். விலை திரும்பவும் ஆயிரத்து அறுநூற்றைம்பது. அவன் வரியைப் போய்ப் பார்த்தாள், முதல் வரி. வகை: இல்லை. அவள் போட்டது போட்டபடி இருந்தது. 'இல்லை' என்று இருக்கிற ஆள் எப்படிய்யா வருவான்? இதுவே வேறு பெயராக இருந்திருந்தால் அந்த நிமிடமே பிரியதர்ஷினிக்குப் போன் போட்டு, பாப்பா, பட்டியல் கெட்டுப்போச்சு என்று சொல்லியிருப்பாள். சொல்லவில்லை. முதலாளியிடமும் வாயைத் திறக்கவில்லை. சரி பண்ணிவிடுவார்களே என்று பயம். அவன் வருகிற ஒரே வழி அதுதான், அதையும் அடைப்பானேன்?

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகாமல் ஆபீஸ் வாசலில் நின்று அளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்திரை வெயிலில் அளத்தைப் பார்க்கவே கூடாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை, வெள்ளைக்கு மேலே ஆவி, ஆவிக்கு மேலே வரப்புகள் தரையை விட்டு எழும்பி மிதக்கும். யாரோ ஒருவன் குனிந்து வாருவது போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் கல். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் கல் நிமிர்ந்திருக்கும். தெற்குக் கோடியில், கழுவெளி ஏரித் தண்ணீர் ஓரமாக, புயலில் உடைந்து யாரும் கட்டாமல் விட்ட வரப்புக்குப் பக்கத்தில்தான் அவன் பாத்தி. புயலுக்குப் பிறகு அவள் அங்கே போகவில்லை. தேடினவர்கள் ஓடையிலும் முகத்துவாரத்திலும் தேடினார்கள், தண்ணீர் இழுத்த பக்கமெல்லாம் தேடினார்கள். பாத்தியில் என்ன இருக்கிறது, சேறுதானே, என்று விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது தடவை வந்தபோது அவள் கண்ணெதிரே வந்தான்.

காலை நேரம். விலையெல்லாம் ஏற்றி முடித்துவிட்டு டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். மவுஸ் மேஜையில் தனியாகக் கிடந்தது. திரையில் 'சாப்பாட்டு உப்பு' என்றிருந்த கட்டம், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 'தோல் உப்பு' என்று மாறியது. விலை மாறியது. பெயர் மாறியது. தமிழ்வேந்தன் பாத்தி.

உடம்பு சிலிர்த்துவிட்டது அவளுக்கு. அப்புறம்தான், அட, டிரைவர் எவனாவது போனில் தட்டியிருப்பான் என்று மூளை சொன்னது. மூளை சொன்னதை உடம்பு கேட்க வேண்டுமே. டீ டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். டிரைவர்கள் எல்லாம் உள்ளூர் ஆட்கள், பெயரைப் பார்த்ததும் விவரம் புரிந்துகொண்டு போன் போட்டுக் கேட்பார்கள் என்று நினைத்தாள். போன் வரட்டும், சொல்லிக்கொள்ளலாம், அதுவரை இருக்கட்டும், கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

போன் வந்தது. ஆனால் டிரைவரிடமிருந்து அல்ல, சித்தார்த்தனிடமிருந்து. வெங்கடாசலம் எடுத்தார். பேசப் பேச அவர் குரல் ஏறியது.

"ஏம்பா, லாரி அனுப்பியாச்சுப்பா! காலைலயே போயிருக்கணுமே!... ஆளுங்க சும்மா ஒக்காந்துனு இருக்காங்களா? இரு இரு." போனைக் கையால் மூடிக்கொண்டு, "ரேணுகா, தோல் ஷாப்பு லாரி எங்க? யாரு எடுத்துனு போனது?"

"யாருங்க போயிருக்காங்க?" என்றாள் அவள் எழுந்து.

"புது ஆளு, பிரம்மதேசத்துப் பையன் திருமுருகன். நம்ம ஊரு லோடு ஆளுங்கதான் திருவிழாவுக்குக் காப்பு கட்டிக்கினு வேலைக்கு வரலியே. அவன் ஊரு ஆளுங்களயே ஏத்திக்கினு போயிருக்கான்."

பிரம்மதேசம் உள்ளே இருக்கிற விவசாய ஊர். அவர்களுக்கு இந்த அளத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது எப்படித் தெரியும்? பெயரைப் பார்ப்பான், வரப்புக் கல்லைத் தேடுவான், போய் நிற்பான். ரேணுகா திரையைத் திருப்பி முதலாளிக்குக் காட்டினாள். வெங்கடாசலம் பார்த்தார். நல்ல வெயில் நேரத்தில் அந்த மனிதர் வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இது எப்பிடிம்மா வருது?"

"தெரியலிங்க. இதுக்கு முன்னாடியும் வந்துச்சு."

"முன்னாடியுமா? ஏன் சொல்லல?"

அவள் திரையையே பார்த்தாள். அவர் மகளுக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தார்.

பிரியதர்ஷினி காலேஜிலிருந்தபடியே பட்டியலைத் திறந்து பார்த்தாள். "அய்யய்யோ அக்கா, இது என் தப்புக்கா," என்றாள். "கொறஞ்ச விலைய கண்டுபிடிக்கிற எடத்துல வகைய பாத்துதான் எடுக்குது, அது கரெக்ட். ஆனா அந்த விலைக்கு பேர தேடுற எடத்துல நான் வகைய சேக்கவே இல்ல. வெறும் விலைய மட்டும் மேலேருந்து தேடுது. மொதல்ல எந்த வரியில அந்த விலை இருக்கோ, அந்தப் பேர எடுத்துக் குடுத்துடுது. அவங்க வரிதான மொத வரி? விலையும் அதே விலை. அதான்."

"வகையில இல்லன்னு போட்டிருக்கேனே பாப்பா."

"பேரு எடுக்கும்போது அது வகையையே பாக்கலக்கா. இருக்குதோ இல்லியோ, அதுக்குத் தெரியாது. முன்னெல்லாம் தோல் உப்பு விலை இந்த விலைய தொட்டதே இல்ல, அதனால வெளிய தெரியல. இருங்க, மாத்திடறேன். வகையும் சேந்து ஒத்துப்போனாதான் பேரு வர்ற மாதிரி போடறேன்."

ரேணுகா பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது கட்டம் ஒரு நொடி வெறுமையானது. பிறகு சித்தார்த்தன் பாத்தி என்று வந்தது. ஆயிரத்து அறுநூற்றைம்பது, தோல் உப்பு, சித்தார்த்தன் பாத்தி. எல்லாம் சரியாக இருந்தது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பட்டியலை மேலிருந்து தேடினால் முதலில் நிற்கிறவன் கையைத் தூக்கியிருக்கிறான், அவ்வளவுதான் சங்கதி. அவளுக்கு அழுகை வந்தது. யாரோ வீட்டுக்கு வந்துபோகிற ஆளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது போல ஆத்திரமாகவும் வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு டிரைவருக்குப் போன் போட்டாள்.

"தம்பி திருமுருகன், ஏஜென்சியிலேருந்து பேசறேன். பேரு தப்பா வந்துடுச்சுப்பா. அந்த எடத்துக்குப் போவாத. அங்க சரக்கு இல்ல. சித்தார்த்தன் பாத்திக்கு வண்டிய வுடு."

"இல்லியேக்கா," என்றான் திருமுருகன். காற்றில் அவன் குரல் விட்டு விட்டு வந்தது. "சரக்கு இருக்குதே. நாங்க அள்ள ஆரம்பிச்சுட்டோம்."

ரேணுகா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"அலோ? அக்கா? கல்லுல தமிழ்வேந்தன்னுதான எழுதியிருக்குது? பாத்தியெல்லாம் காஞ்சு வெடிச்சுப் போயிதான் கெடக்குது, ஒரு ஆளு இல்ல. கூப்ட்டுப் பாத்தோம், யாரும் வரல. வரப்பு ஓரமா சேறு மூடின மேடு ஒண்ணு இருந்துச்சு. நம்ம ஆளு ஒருத்தன் சும்மா மம்பட்டியால கொத்துனான், உள்ள வெள்ள வெளேர்னு உப்பு. பழைய குவியலு போலக்கா, மேல வரப்பு சரிஞ்சு மூடிக்கிச்சு. தோல் உப்புக்கு இது ரொம்ப ஜாஸ்தி, நல்ல சரக்கு."

தோல் உப்பாவது. அது அவன் கடைசியாக வாரிய ஐஸ் உப்பு. மழைக்கு முன்னால் விற்காமல், மார்கழியில் விலை ஏறும், உனக்குக் கம்மல் வாங்கித் தருகிறேன் என்று வைத்திருந்த குவியல். கரைந்து கடலோடு போய்விட்டது என்றுதான் எல்லாரும் கணக்கு வைத்திருந்தார்கள்.

"அப்புறம் இன்னொண்ணுக்கா," என்றான் திருமுருகன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "தார்ப்பாய் போட்டு கயிறு கட்டியிருக்குது. ஒரு பக்கம் முளைக்குச்சி இருக்குது. இந்தப் பக்கத்து கயிறு சேத்துக்குள்ள போவுது. இழுத்துப் பாத்தோம், வரல. உள்ளேருந்து யாரோ புடிச்சுனு இருக்கிற மாதிரி டைட்டா இருக்குது. ஆளுங்க பயப்படறாங்க. இன்னா பண்ணட்டும்? வுட்டுட்டு வந்துடட்டுமா?"

அவள் என்ன சொன்னாலும் அவன் கேட்டிருப்பான். வந்துடுப்பா என்றிருந்தால் வந்திருப்பான். லாரி சித்தார்த்தன் பாத்திக்குப் போயிருக்கும், அடுத்த மழையில் மேடு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். தமிழ்வேந்தன் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இருந்திருப்பான், கேரளாவில் இருந்திருப்பான், எங்கேயோ ஒரு பெண்ணோடு நன்றாக இருந்திருப்பான். என்றைக்காவது ஒருநாள் வெட்கங்கெட்டுப்போய் வீட்டு வாசலில் வந்தும் நின்றிருப்பான். போன் காதில் சுட்டது.

"கயித்த அறுக்காதீங்க," என்றாள். "நா வர்றேன்."

வெங்கடாசலம் தன் வண்டியிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போனார். வழியில் அம்சவல்லி பையோடு கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதலாளி வண்டியில் இவளைப் பார்த்ததும் "எங்கடி?" என்றாள். ரேணுகா சொல்லவில்லை. ஆனால் முகத்தில் ஏதோ எழுதியிருந்திருக்க வேண்டும். அம்சவல்லி பையை அங்கேயே கடைப் படியில் வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோ ஒன்றைக் கைகாட்டி மறித்து ஏறிப் பின்னாலேயே வந்தாள்.

அளத்துக்குள் வண்டி போகிற வரைக்கும் போய், அப்புறம் வரப்பில் நடந்தார்கள். காற்று சுத்தமாக நின்றுவிட்டது. கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அலைச் சத்தம் கேட்கவில்லை. காலடியில் காய்ந்த உப்புப் பொருக்கு மட்டும் நொறுங்கியது. யாரும் நடக்காத பக்கத்திலும் அது நொறுங்கியது, வெயிலில் அப்படித்தான் தானாக வெடிக்கும், அளத்துக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வெங்கடாசலம் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். ரேணுகா திரும்பவில்லை. தெற்கே ஆவிக்குள்ளே நாலைந்து பேர் தரையைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தார்கள். கிட்டே போகப் போகத்தான் கால் முளைத்து லோடு ஆட்கள் ஆனார்கள்.

கல் இருந்தது. தமிழ்வேந்தன் என்று அவன் கையாலேயே எழுதிய பெயர், நீலப் பெயின்ட், புயல் ஒன்றும் பண்ணவில்லை. அதைத் தாண்டி மேடு. ஒரு பக்கம் வெட்டி வெள்ளையாகத் திறந்திருந்தது. பிரம்மதேசத்து ஆட்கள் மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு எட்டி நின்றார்கள். நைலான் கயிறு தார்ப்பாயிலிருந்து இறங்கி, சேற்றுக்குள் நேராகப் போனது. ரேணுகா குனிந்து கயிற்றைத் தொட்டாள். வீணைத் தந்தி மாதிரி விண்ணென்று இருந்தது.

"தோண்டுங்க," என்றாள்.

யாரும் அசையவில்லை. கடைசியில் திருமுருகன்தான் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். உப்புப் பக்கமாக இல்லாமல், கயிறு போன பக்கமாக, சரிந்த வரப்பை மெதுவாக வெட்டினான். மேலே கல் மாதிரி காய்ந்த சேறு, அதன் கீழே இன்னும் ஈரம். முதலில் தகரம் தட்டுப்பட்டது போலச் சத்தம் கேட்டது. பைக்கின் மட்கார்டு. வரப்பு மேல் நிறுத்திவிட்டு இறங்கியிருக்கிறான், வரப்போடு அதுவும் சரிந்து அவன் மேலேயே வந்திருக்கிறது. திருமுருகன் மம்பட்டியைப் போட்டுவிட்டுக் கையால் அள்ளினான். பிறகு கையையும் நிறுத்திவிட்டான்.

கயிறு மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. காற்று தார்ப்பாயைத் தூக்காமல் இருக்க, முளை அடிக்கிற வரைக்கும் கையிலேயே சுற்றிப் பிடித்துக்கொள்வது அவன் வழக்கம். வேண்டாம்யா, கையை அறுக்கும் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். உப்பு அந்தக் கையை அப்படியே வைத்திருந்தது. கருத்துச் சுருங்கி, ஆனால் அவன் கையாகவே வைத்திருந்தது. விரலில் அவள் போட்ட மோதிரம் இருந்தது.

அம்சவல்லி வரப்பில் விழுந்தாள். "அய்யோ என் தம்பி, பாத்தியிலயே கெடந்திருக்கியேடா!" என்று மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். அப்படியே தவழ்ந்து வந்து ரேணுகாவின் காலைப் பிடித்தாள். "ஓடலடி, அவன் ஓடல. நீ சொன்னதுதான்டி நெசம். இந்தப் பாவி வாயில புழு பூக்க! உன்ன என்னென்ன சொன்னேன், மன்னிச்சுடுடி!"

வெங்கடாசலம் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "நீ ஜெயிச்சுட்டம்மா," என்றார் எங்கேயோ பார்த்து. என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

ரேணுகா காலை உருவிக்கொண்டாள். குழியில் இறங்கி, அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குழாயடியில் நின்று ஊருக்கெல்லாம் சத்தியம் பண்ணியவள், ராத்திரி படுக்கும்போதெல்லாம் என்ன வேண்டிக்கொண்டிருந்தாள் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? அம்சவல்லி சொல்வது உண்மையாக இருக்கட்டும் சாமி, எவளோடயாவது இருக்கட்டும், என்னைத் திட்டிக்கொண்டாவது இருக்கட்டும், இருந்தால் போதும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"யோவ்," என்றாள் அவனைப் பார்த்து. அளம் முழுக்கக் கேட்டது. "ஊரே சொல்லுச்சே, ஓடிப் போயிட்டன்னு. ஓடிப் போயிருக்கக் கூடாதாய்யா? எவளோடயாவது ஓடிப் போயிருக்கக் கூடாதாய்யா பாவி மனுஷா!"